பெங்களூரில் பிறந்தவருக்குத் தமிழ்நாட்டு நேட்டிவிட்டி கிடைக்குமா?

"ஐயா, சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம்தான் எங்களுக்குச் சொந்த ஊர். அம்மாவுக்குத் தாய்வீடு பெங்களூர். தலைப்பிரசவத்துக்கு அங்கே போனதால் நான் பெங்களூர் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். ஒன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தது எல்லாம் ஊரில். இப்போது மூன்று வருஷமாகப் பெங்களூரில் வேலை. ஆதார் முகவரியையும் இங்கே மாற்றிவிட்டேன். எஸ்.எஸ்.சி. ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வுக்கு டொமிசைல் சான்று வேண்டும் என்பதால் இ-சேவையில் நேட்டிவிட்டிக்கு மனுப் போட்டேன். பெங்களூரில் பிறந்து பெங்களூரில் வசிப்பவர் என்று நிராகரித்துவிட்டார்கள். 'பேசாமல் கர்நாடகா என்று போடு, ரெசிடென்ஸ் சான்று சுலபமாக வாங்கலாம், கட்-ஆஃபும் குறைவு' என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். கர்நாடக அரசு வேலைக்கும் விண்ணப்பிக்க நினைக்கிறேன். நான் பி.சி. வகுப்பு. எந்த மாநிலத்தில் சான்று வாங்குவது?"
— வாசகி, பெங்களூர்

தமிழ்நாடு என்றே போடுங்கள். உங்களுக்கு நேட்டிவிட்டி கிடைக்கும். முதல் மனு தள்ளுபடியானது உங்களுக்குத் தகுதி இல்லாததால் அல்ல. மனுவோடு போன காகிதங்கள் எல்லாம் பெங்களூரைக் காட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். வருவாய்த் துறையில் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அந்த மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இந்த வேலைக்கு ஏன் மாநிலம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலான மத்திய அரசு வேலைகளுக்கு டொமிசைல் சான்றே தேவையில்லை. ஜி.டி. கான்ஸ்டபிள் அப்படியல்ல. எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற படைகளின் காலியிடங்களை மாநிலவாரியாகப் பங்கு பிரித்துத் தருகிறார்கள். எல்லை மாவட்டங்களுக்கும் நக்சல் பாதிப்புள்ள மாவட்டங்களுக்கும் தனிப் பங்கு உண்டு. அதனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தேர்வுப் பட்டியல், தனிக் கட்-ஆஃப். எஸ்.எஸ்.எஃப். என்ற ஒரு படைக்கு மட்டும் அகில இந்திய அளவில் ஆள் எடுக்கிறார்கள். நீங்கள் விண்ணப்பத்தில் எந்த மாநிலம் என்று குறிக்கிறீர்களோ அந்த வரிசையில்தான் நிற்பீர்கள். ஆவணச் சரிபார்ப்பின்போது அதே மாநிலத்தின் அதிகாரி கொடுத்த டொமிசைல் சான்றைக் காட்ட வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு மாநிலமும் சான்றில் இன்னொரு மாநிலமும் இருந்தால், எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும் தேர்வு ரத்து.

இதனால்தான் உங்கள் தோழிகளின் யோசனை ஆபத்தானது. பெங்களூரில் வாடகை ஒப்பந்தமும் ஆதாரும் வைத்து நீங்கள் வாங்கக்கூடிய ரெசிடென்ஸ் சான்று, இன்ன முகவரியில் இத்தனை காலமாகக் குடியிருக்கிறார் என்பதை மட்டுமே சொல்லும். நீங்கள் கர்நாடகத்தைச் சேர்ந்தவர் என்று அது சொல்லாது. அப்படிச் சொல்லும் சான்று ஒன்றை எப்படியாவது வாங்கிவிட்டாலும் கதை அங்கே முடியாது. தென்காசிப் பக்கத்துப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ், தமிழ்நாட்டு எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு கர்நாடக டொமிசைலையும் ஒரே கோப்பில் வைத்து நீட்டுவீர்கள். சரிபார்க்கிறவர் அதைத்தான் முதலில் கையில் எடுப்பார். வேலையில் சேர்ந்த பிறகும் படையிலிருந்து உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு விசாரணை வரும். அந்த ஊர் எது என்று எழுதும் இடத்தில் சங்கரன்கோவிலையா எழுதுவீர்கள், பெங்களூரையா? 2023இல் மத்தியப் படைகளில் போலி டொமிசைல் சான்று கொடுத்துச் சேர்ந்தவர்கள் பற்றிய வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போய், சி.பி.ஐ. விசாரணை வரை வளர்ந்தது. உண்மையான ஊர் கையில் இருக்கும்போது அந்த வம்பு உங்களுக்கு எதற்கு?

இனி உங்கள் மனு ஏன் தள்ளுபடியானது என்பதற்கு வருகிறேன். இ-சேவையில் போட்ட மனு முதலில் கிராம நிர்வாக அலுவலரின் கணினிக்குப் போகும். அவர் அறிக்கை எழுதி வருவாய் ஆய்வாளருக்கு அனுப்புவார். அங்கிருந்து வட்டாட்சியர் அலுவலகம் போய் மின்னணுக் கையொப்பம் ஆகும். இதில் முடிவைத் தீர்மானிப்பது வி.ஏ.ஓ.வின் இரண்டு வரி அறிக்கைதான். மேலே உள்ளவர்கள் பெரும்பாலும் அதை ஒட்டியே போவார்கள். ஒரு வி.ஏ.ஓ.விடம் நாளொன்றுக்கு வரும் மனுக்களில் உங்களுடையதும் ஒன்று. அவர் திறந்து பார்க்கிறார்: ஆதாரில் பெங்களூர் முகவரி, பிறப்புச் சான்றில் பெங்களூர் மாநகராட்சி. ஊரில் இருக்கும் அப்பாவைப் பற்றியோ, படித்த பள்ளியைப் பற்றியோ ஒரு தாளும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பரிந்துரை செய்திருக்க மாட்டேன்.

ஆனால் அந்த இரண்டு தாள்களுமே நேட்டிவிட்டியை மறுக்கப் போதுமான காரணம் அல்ல. பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் நடந்தது என்பது ஒருவரின் பூர்வீகத்தைத் தீர்மானிப்பதில்லை. குழந்தை பிறக்கும்போது தந்தையின் நிலையான இருப்பிடம் எதுவோ அதுவே குழந்தைக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அப்படிப் போன ஒவ்வொரு பெண்ணின் பிள்ளையும் மாநிலம் மாறிவிடும் என்றால் ஓசூரிலும் செங்கோட்டையிலும் பாதிப் பேருக்கு நேட்டிவிட்டி கிடைக்காது. ஆதார் விஷயமும் அப்படியே. ஆதார் எண் தன்னளவில் குடியுரிமைக்கோ டொமிசைலுக்கோ சான்றாகாது என்று 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்திலேயே 9ஆம் பிரிவு சொல்கிறது. ஆதாரில் இருப்பது இப்போது தபால் வந்து சேரும் முகவரி. சான்றுக்காக அதை ஊர் முகவரிக்குத் திரும்ப மாற்ற வேண்டாம். இருக்கிற இடத்தை இருக்கிறபடியே காட்டி, ஊரை வேறு ஆவணங்களால் நிறுவுவதுதான் சரி.

நிராகரிக்கப்பட்ட மனுவை மறந்துவிட்டுப் புதிய மனுப் போடுங்கள். பெங்களூரில் இருந்தே இணையத்தில் போடலாம், ஊரில் அப்பா இ-சேவை மையத்துக்குப் போயும் போடலாம். நான் இரண்டாவதையே சொல்வேன், காரணம் பிறகு. அதற்கு முன் இ-சேவையில் உங்கள் பெயர், முகவரி விவரங்கள் இருக்கும் கேன் பதிவைத் திறந்து பாருங்கள். முதல் முறை பதிந்தபோது நிரந்தர முகவரி என்ற இடத்திலும் பெங்களூரையே ஆதாரில் உள்ளபடி போட்டிருந்தால் அதைத் திருத்த வேண்டும். நிரந்தர முகவரி கிராமம், தற்போதைய முகவரி பெங்களூர் என்று இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும். எந்த வட்டம், எந்தக் கிராமம் என்று பதிகிறீர்களோ அந்த வி.ஏ.ஓ.வுக்குத்தான் மனு போகும். உட்கிராமப் பெயரை வருவாய் கிராமம் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்து, பக்கத்து வி.ஏ.ஓ.வுக்கு மனு போய், 'இவர் என் கிராமத்தைச் சேர்ந்தவர் அல்ல' என்று திரும்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் பட்டாவில் எந்த வருவாய் கிராமம் அச்சாகியிருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். பின்னர் 'நேட்டிவிட்டி' என்ற சேவையைத் தேர்வு செய்யுங்கள். அதன் எண் REV-102. குடியிருப்புச் சான்று என்ற வேறொரு சேவையும் அதே பட்டியலில் இருக்கிறது. அவசரத்தில் அதை அழுத்திவிட்டால் பெங்களூரில் கிடைத்திருக்கக்கூடிய அதே பயனற்ற தாள்தான் தமிழ்நாட்டிலிருந்தும் வரும். மையத்தில் கட்டணம் 60 ரூபாய்.

இணைக்க வேண்டியவற்றில் கனமானது பள்ளி மாற்றுச் சான்றிதழ். ஒன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஊரிலேயே படித்ததால் உங்கள் வழக்கு பாதி வென்றாகிவிட்டது. பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்று வாங்கி, இடையில் ஆண்டு விடுபடாமல் அடுக்குங்கள். அடுத்து அப்பாவின் பக்கம்: அவருடைய பள்ளிச் சான்று அல்லது பழைய சாதிச் சான்று, வீட்டு வரி ரசீது, நிலம் இருந்தால் பட்டா, உங்கள் பெயரும் இருக்கும் குடும்ப அட்டை. குடும்ப அட்டையில் உங்கள் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூர் பிறப்புச் சான்றை மறைக்காதீர்கள். அதையும் இணைத்து, கூடவே வெள்ளைத்தாளில் ஒரு சுய விளக்கம் எழுதி ஸ்கேன் செய்யுங்கள். நீளமாக வேண்டாம், இந்த அளவு போதும்:

"நான் மேற்படி கிராமத்தைச் சேர்ந்த இன்னாரின் மகள். என் தாயாரின் பெற்றோர் பெங்களூரில் வசித்ததால் பிரசவத்துக்காக அங்கு சென்றபோது நான் பிறந்தேன். என் தந்தை இக்கிராமத்தில் நிரந்தரமாக வசித்து வருகிறார். நான் 1 முதல் 12ஆம் வகுப்பு வரை இவ்வட்டத்திலேயே படித்தேன். தற்போது வேலை நிமித்தம் மட்டும் பெங்களூரில் தங்கியிருக்கிறேன். வேறு எந்த மாநிலத்திலும் இருப்பிடச் சான்று கோரவோ பெறவோ இல்லை."

கடைசி வாக்கியம் முக்கியம். அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். இதற்கிடையில் பெங்களூரில் ரெசிடென்ஸ் சான்று எதுவும் வாங்கியிருந்தால், எந்தத் தேவைக்கு வாங்கினீர்கள் என்று அந்த இடத்தில் சொல்லிவிடுங்கள்.

மனுப் போட்ட கையோடு, ஒப்புகைச் சீட்டையும் எல்லா அசல்களையும் எடுத்துக்கொண்டு அப்பா வி.ஏ.ஓ.வை நேரில் பார்க்கட்டும். ஊரிலேயே மனுப் போடச் சொன்னது இதற்காகத்தான். திரையில் வெறும் பெங்களூர்ப் பெண்ணாகத் தெரிந்தவர், 'நம்ம கீழத்தெரு அண்ணாச்சி மக' ஆகிவிட்டால் அறிக்கை மாறும். வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுத வேண்டியவர். விசாரிக்க ஆள் கிடைத்தால் அவருக்கும் வேலை சுலபம். நீங்களும் ஒரு வார இறுதியில் வந்து நின்றால் இன்னும் நல்லது. மனுவின் நிலையை இணையத்தில் அவ்வப்போது பாருங்கள். கூடுதல் ஆவணம் கேட்டிருந்தால் காலம் தாழ்த்தாமல் கொடுங்கள். மறுபடியும் நிராகரித்தால், காரணம் என்ன எழுதியிருக்கிறது என்பதை அச்செடுத்து வட்டாட்சியரை நேரில் பாருங்கள். அங்கும் நகரவில்லை என்றால் கோட்டாட்சியர். அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு. அந்த மனுவில் புலம்பல் வேண்டாம். மேலே சொன்ன விளக்கத்தையும் பள்ளிச் சான்று, பட்டா நகல்களையும் வைத்து, 'மறு விசாரணை செய்து சான்று வழங்க வேண்டும்' என்று கேளுங்கள். ஆட்சியர் அலுவலக முத்திரையோடு கீழே இறங்கும் தாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சான்று வந்ததும் மகிழ்ச்சியில் மூடி வைத்துவிடாதீர்கள். தமிழ்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியலில் உள்ள அதே ஆங்கில எழுத்துகள், அதே இனிஷியல் சான்றிலும் இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். மத்தியத் தேர்வு விண்ணப்பம் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரையே கேட்கும். வடக்கே உட்கார்ந்து சரிபார்க்கும் அதிகாரிக்கு இனிஷியல் என்பது அப்பா பெயர் என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் மதிப்பெண் பட்டியலில் ஓர் எழுத்தாகவும் இருந்தால், சான்றில் தந்தை பெயர் முழுதாக வந்திருப்பது உங்களுக்கு உதவும்.

மாவட்டத்தையும் பாருங்கள். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. உங்கள் பழைய சாதிச் சான்றிலும் பள்ளிச் சான்றிலும் திருநெல்வேலி மாவட்டம் என்றும், புதிய நேட்டிவிட்டியில் தென்காசி மாவட்டம் என்றும் இருக்கும். இது முரண்பாடு அல்ல. ஆனாலும் மாவட்டப் பிரிப்பு அரசாணையின் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்திருங்கள். விண்ணப்பத்தில் இப்போதைய மாவட்டமான தென்காசியையே குறியுங்கள். இன்னொன்று, சிரிக்காமல் கேளுங்கள்: கேரள எல்லையில் இருப்பதால் தென்காசியை 'எல்லை மாவட்டம்' என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தத் தனிப் பங்கு நாட்டின் எல்லையை ஒட்டிய மாவட்டங்களுக்கு. புளியரைச் சோதனைச் சாவடி அந்தக் கணக்கில் வராது.

சான்று மின்னணுக் கையொப்பத்தோடு வருவதால் அதில் மை கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் இருக்காது. சரிபார்ப்பு மையத்தில் சிலர் 'சீல் எங்கே?' என்பார்கள். பதறி ஊருக்கு ஓடி வர வேண்டாம். சான்றில் கியூ.ஆர். குறியீடும் சான்று எண்ணும் இருக்கும், tnedistrict.tn.gov.in தளத்தில் எண்ணைக் கொடுத்து உண்மைத் தன்மையைப் பார்க்கலாம் என்று காட்டுங்கள். வண்ணப் பிரதி எடுத்து, மூல பி.டி.எஃப். கோப்பையும் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பளபளப்பில் குறியீடு ஸ்கேன் ஆகாமல் தொல்லை தரும்.

பி.சி. என்று சொல்கிறீர்கள். மாநிலச் சாதிச் சான்று இங்கே போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்று தனியாக வேண்டும். மத்திய ஓ.பி.சி. பட்டியலும் மாநிலவாரியானது. உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மனுப் போடுங்கள். தேர்வு அறிவிக்கையில் எந்தத் தேதிக்குள் வாங்கிய ஓ.பி.சி. சான்று செல்லும் என்று இருக்கும். அந்த வரம்புக்குள் சான்றின் தேதி இருக்க வேண்டும். இந்தச் சான்றும் தமிழ்நாட்டிலிருந்துதான் வரும் என்பதால், டொமிசைலைக் கர்நாடகம் என்று போட்டிருந்தால் இங்கேயும் கோளாறாகியிருக்கும்.

கடைசியாக, கர்நாடக அரசு வேலை. விண்ணப்பிக்க உங்களுக்குத் தடை இல்லை. பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ மட்டும் காரணம் காட்டி அரசு வேலையை மறுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 16(2) சொல்கிறது. ஒரு மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை போட வேண்டுமானால் 16(3)இன்படி நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற முடியும், மாநிலச் சட்டமன்றம் முடியாது. 1957இல் அப்படி ஒரு சட்டம் வந்து, 1974இல் காலாவதியாகிவிட்டது. ராஜஸ்தானில் ஆசிரியர் தேர்வில் உள்ளூர்க்காரர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2002இல் ஏற்கவில்லை. வடகர்நாடகத்தில் கல்யாண கர்நாடகப் பகுதிக்கு 371ஜே பிரிவின் கீழ் உள்ளூர் ஒதுக்கீடு இருக்கிறது. பெங்களூர் அதில் வராது.

ஆனால் அங்கே நீங்கள் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். தமிழ்நாட்டு பி.சி. சான்றுக்குக் கர்நாடகத்தில் ஒதுக்கீடும் இல்லை, வயதுச் சலுகையும் இல்லை. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கே வேலைக்காகக் குடிபெயர்ந்த மாநிலத்தில் ஒதுக்கீடு தொடராது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. எனவே அந்த விண்ணப்பத்தில் வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு உள்ளபடி பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கன்னடம் படிக்காததால் கன்னட மொழித் தகுதித் தேர்வும் எழுத வேண்டிவரும். மூன்று வருஷம் பெங்களூரில் இருந்ததில் பேச்சுக் கன்னடம் வந்திருக்கும். இது எழுத்துத் தேர்வு, இப்போதிருந்தே எழுதிப் பழகுங்கள். இந்த விண்ணப்பத்தில் சொந்த மாநிலம் கேட்டாலும் தமிழ்நாடு என்றே எழுதுங்கள். நேட்டிவிட்டியின் அதே பிரதி இதற்கும் போதும்.